ஏழாம் நம்பர் போட்டோ

என் அக்காவுக்கு ஒரு பழக்கம். சலவைக்கு வருகிற துணிகளின் பைகளைத் துழாவி, கிடைப்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுவாள். சில்லறை, பேனா மூடி, பஸ் டிக்கெட், பாதி தின்ற மிட்டாய், எதுவானாலும் சரி. ஒருமுறை ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஒற்றைச் சட்டைப் பொத்தான் கிடந்தது. அதையும் சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். "அவர் போட்டா அது அவர் இஷ்டம். நான் போடக்கூடாது" என்றாள் அக்கா.

இப்படி ஒருத்தியைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வைக்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத என் மூஞ்சிதான் குறுக்கே வந்து நிற்கிறது. அக்காவைச் சொல்லவேண்டுமானால் நான் செய்த காரியத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லித் தொலைக்கிறேன்.

நான் வாஷிங் மெஷின், பிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் கடைத்தெருவில் எனக்கு ஜோசியர் என்று பெயர். நெற்றியில் ஒன்றும் பூசுவதில்லை. மெஷினின் சீரியல் நம்பரைப் பார்த்தே அது எந்த வருஷம், எந்த மாதம் பிறந்தது என்று சொல்லிவிடுவேன், அதனால்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனி முதல் எண்ணில் வருஷத்தின் கடைசி இலக்கத்தை ஒளித்து வைக்கும், அடுத்த இரண்டில் மாதத்தை. இன்னொரு கம்பெனி எழுத்தில் வைக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே எண் திரும்ப வருமே, அப்போது கதவின் கைப்பிடியையும் பட்டன்களின் அமைப்பையும் பார்த்துத் தீர்மானிப்பேன். பழைய சாமான் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். "ஜாதகம் பாரு ஜோசியரே" என்பார்கள். நானும் கண்ணை மூடித் திறந்து, "பதினொரு வயசு, பேரிங் தோஷம் இருக்கு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது எனக்குப் பெருமை பிடிபடாது.

அக்காவின் சலவைக் கடை ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், நீராவி இஸ்திரி மேஜை, பின்னால் ஒரு தண்ணீர் மோட்டார். நாலு தெரு தள்ளி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் கோட்டுகளும் அவளிடம்தான் வெளுக்க வரும். மாமா பஸ் ஓட்டுகிறார். அவர் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகும். மகளின் நர்சிங் படிப்பு, பல் டாக்டர், செருப்பு என்று மற்ற எல்லாம் அந்த வெள்ளை விரிப்புகளிலிருந்துதான் வந்தன.

அந்த வருஷ மழையில் ஆறு தெருவுக்குள் வந்தது. கடையில் இடுப்பளவு தண்ணீர், ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். சுவரைச் சுற்றிலும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரே உயரத்தில் மண்கோடு. டிரையர் கவிழ்ந்து கிடந்தது. மெஷின்களின் கதவைத் திறந்தால் டிரம்முக்குள் சேறு. அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "பிளக்கைத் தொடாதேடா, தண்ணி இருக்கும்" என்று எனக்கே வகுப்பு எடுத்தாள்.

கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆஸ்பத்திரி கணக்கு கிடைத்த வருஷத்திலிருந்தே கட்டி வருகிறாள், வெள்ளமும் சேர்த்து. மறுநாளே போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். எதையும் தூக்கிப் போடாதீர்கள், எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள், சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்க்கவேண்டும். அதற்கு முன்னால் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் ஒவ்வொரு சாமானுக்கும் என்ன கம்பெனி, என்ன மாடல், சீரியல் நம்பர், சுமாராக என்ன வயது, அந்த வயது எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். கூடவே போட்டோ. லேபிள் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கிட்டப்போய் எடுங்கள்.

அக்காவிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? லேபிள் இருக்கிற இடமெல்லாம் எடுத்துவிட்டாள். பன்னிரண்டு போட்டோ. ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் எழுதி, சுத்தம் செய்த இஸ்திரி மேஜையின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வா ஜோசியரே. ஜாதகம் பாரு" என்றாள். வீட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நான் பெரிய மனுஷன் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் பார்த்த மெஷின் ஷோரூமில் எடுத்தது, பில் இருந்தது, நாலு வருஷம். டிரையருக்கு பில் தண்ணீரில் போய்விட்டது. ஆனால் ஸ்டிக்கர் தெளிவாக இருந்தது, எட்டு வருஷம் என்றேன். இஸ்திரி மேஜையின் பாய்லர் தகட்டிலேயே வருஷம் அடித்திருந்தது. தண்ணீர் மோட்டாரில் லேபிளே இல்லை. உடம்பில் வார்த்திருந்த எண்ணை வைத்து மாடலைச் சொன்னேன். வயது சுமார் ஒன்பது, இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த வருஷம் போட்டது. அக்கா ஒவ்வொன்றையும் கேட்டு, முத்து முத்தாக எழுதினாள். "எப்படித் தெரியும்" என்ற கட்டத்தில் சிலவற்றுக்கு பில் என்றும், சிலவற்றுக்குச் சீரியல் நம்பர் என்றும் போட்டாள்.

"இப்போ தம்பி மெஷின்" என்றாள்.

இரண்டாவது மெஷினுக்கு அந்தக் கடையில் அதுதான் பெயர். நான் வாங்கித் தந்தது என்பதால். ஆஸ்பத்திரிக்காரர்கள்கூட, "தம்பி மெஷின் ஓடுதாம்மா?" என்று கேட்பார்கள்.

ஆறாம் நம்பர் போட்டோ கதவு விளிம்பில் இருந்த ஸ்டிக்கர். அதன்படி ஆறு வயது. ஏழாம் நம்பரைக் கையில் எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது.

அது அந்த மெஷினுக்குள் இருக்கிற மோட்டாரின் லேபிள். மோட்டார் பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதே இல்லை.

"இதை எப்படி எடுத்தே?"

"நீ கழட்டுறதை ஆறு வருஷமா பாக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சு, கழட்டினேன். லேபிள் எங்க இருந்தாலும் எடுக்கச் சொன்னாங்களே" என்றாள். தானாகவே கழற்றிவிட்ட பெருமை முகத்தில்.

மோட்டாரின் தேதிப்படி மெஷினுக்குப் பதினாலு வயது. அந்த லேபிளைப் படிக்க அந்தத் தெருவில் என்னைத் தவிர ஆள் கிடையாது. அக்காவுக்கு அது வெறும் நம்பர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி கணக்கு கிடைத்தபோது, அக்கா தன் வளையலை விற்று ஒரு மெஷினுக்கான பணத்தை என் கையில் கொடுத்தாள். "நல்லதா பார்த்து எடுத்துக் குடுடா, எனக்கு என்ன தெரியும்" என்றாள். அப்போது நான் சொந்தமாகக் கடை போட ஆரம்பித்திருந்தேன். கையில் காலணா இல்லை. என்னிடம் எட்டு வருஷம் ஓடிய ஒரு மெஷின் கிடந்தது. அதே கம்பெனியின் புது மெஷின் ஒன்று லாரியிலிருந்து விழுந்து உடைந்து, பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. அதன் முகப்பு, கதவு, பட்டன் பலகை, சீரியல் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து பழைய உடம்பில் மாட்டினேன். பக்கங்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். "ஷோரூம்ல காட்சிக்கு வெச்சிருந்த பீஸு, லேசா கீறல் இருக்கு, மத்தபடி புதுசு" என்று கொண்டுபோய் இறக்கினேன். அக்கா அதன் மேல் ஒரு துணி போர்த்தி வைத்தாள், கீறல் இன்னும் படக்கூடாதாம்.

மிச்சப் பணத்தில் என் கடைக்கு விளக்கு எரிகிற பெயர்ப்பலகை மாட்டினேன். அதைப் பார்க்க வந்த அக்கா தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, "எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது" என்று மாமாவிடம் காட்டினாள். அந்தப் பலகை உயரத்தில் இருந்ததால் இந்த வெள்ளத்தில்கூட அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கர்மம், இன்றைக்கும் பளிச்சென்று எரிகிறது.

மெஷின் சும்மா இருக்குமா? மூன்றாம் மாதமே பேரிங் போனது. பிறகு பெல்ட், பிறகு மோட்டாரின் கார்பன், பிறகு மறுபடியும் பேரிங். ஒவ்வொரு தடவையும் போன் வந்ததும் ஓடுவேன், ஒரு பைசா வாங்கமாட்டேன். வாங்க எனக்கு ஏது மூஞ்சி? அக்கா வருகிற போகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு ஓடி வருவான், காசுன்னு கையை நீட்டினதே இல்லை" என்பாள். நான் மெஷினின் பின்னால் குனிந்துகொண்டு, ஸ்பேனர் கீழே விழுந்ததுபோலத் தேடிக்கொண்டிருப்பேன்.

அந்த மேஜை முன்னால் உட்கார்ந்தபோது இத்தனையும் ஒரே நிமிஷத்தில் மண்டைக்குள் ஓடியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ஏழாம் நம்பரை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"ஆறு வருஷம்னு போடு. இந்தப் போட்டோ வேண்டாம்."

"ஏன்?"

"போட்டோ அதிகமானா அவங்களுக்குக் குழம்பும். ஸ்டிக்கர் ஒண்ணு போதும்."

"ஏழு இல்லாம எட்டு எப்படிடா வரும்?"

"நம்பரை மாத்தி எழுதிக்கோயேன். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம்" என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்கிறவனுக்குக் கோபம் மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அக்கா அந்தப் போட்டோவை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். "ஆறு வருஷம்" என்று எழுதினாள். எப்படித் தெரியும் என்ற கட்டத்தில், "தம்பி வாங்கித் தந்தது" என்று எழுதினாள். கடைசியில், மாடல்களையும் வயதையும் பார்த்துச் சொன்ன மெக்கானிக் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழும். அன்றைக்குச் சின்னதாக விழுந்தது.

மறுநாள் காலை அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். தபாலில் போட்டாலும் போதும். ஆனால் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ரெண்டு மாசம் பாக்கிறேம்மா. அதுக்குள்ள உங்க மெஷின் ஓடலைன்னா வேற ஆளைப் பாக்கணும். பேஷண்டை வெறும் மெத்தையில படுக்கவைக்க முடியாது." அதுவரைக்கும் அக்கா விரிப்பு மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு சலவைக் கடையில் மத்தியான நேரத்துக்கு மட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து வெளுத்தாள். அதில் ஒன்றும் மிஞ்சாது. இன்சூரன்ஸ் வந்தால் மெஷின், மெஷின் வந்தால் ஆஸ்பத்திரி. அது போனால் கடையைச் சாத்தவேண்டியதுதான். எனவே கையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றாள்.

ஆபீசில் ஊரே இருந்தது. எல்லார் கையிலும் சேற்று வாடை அடிக்கிற காகிதங்கள். டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் கவுன்ட்டரில் கத்திக்கொண்டிருந்தார். அவர் புதுசு என்று எழுதிக் கொடுத்த டிவி பழையது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். "ஒரு டிவிக்காக மொத்தத்தையும் நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார், படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். அந்த மனிதர் வெளியே போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "பாவம். ஆனா பொய் எழுதினா அப்படித்தானே" என்றாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். டோக்கன் நம்பர் வந்துவிட்டது.

கவுன்ட்டர் அம்மாள் கடிதத்தைப் படித்தாள். "அழகா எழுதியிருக்கீங்க, எல்லாரும் இப்படி எழுதினா எனக்கு எவ்வளவு நிம்மதி" என்றாள். பிறகு போட்டோக்களைத் திருப்பித் திருப்பி எண்ணினாள். நாலு, அஞ்சு, ஆறு, எட்டு.

"ஏழு எங்கம்மா?"

அக்கா நம்பரை மாற்றி எழுதவில்லை. போட்ட நம்பரை அடித்துத் திருத்துவது அவளுக்குக் கை வராது. அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"இருக்கு மேடம். அது மோட்டார் லேபிளு. தம்பி மெக்கானிக், அது தேவையில்லன்னான்."

"தேவையா இல்லையான்னு சர்வேயர் பாத்துக்குவார். இருந்தா குடுங்க."

அக்கா பையைத் திறந்தாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மடங்காமல் வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள்.

நானாக ஒப்புக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அந்தப் போட்டோ கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் நுழையப்போகிற நேரத்தில்தான் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, கொஞ்சம் வெளியே வா" என்றேன். கவுன்ட்டர் அம்மாள், "போயிட்டு வாங்க, அடுத்த டோக்கனைக் கூப்பிடுறேன்" என்றாள்.

படிக்கட்டின் திருப்பத்தில், செருப்புகள் அடைந்து கிடந்த இடத்தில் நின்று சொன்னேன். முகப்பு, ஸ்டிக்கர், பெயின்ட், வளையல் பணம், பெயர்ப்பலகை. எதையும் விடவில்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையில் இருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அவள் போட்டோவைத் திருப்பி, முதுகில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ நான் கெடுக்கலையா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"பேரிங் போறப்பல்லாம் நான் அதிகமாத் துணி போட்டுட்டேன்னு நெனச்சேன். நீயும் ஒருதடவை சொன்னே, பாத்துப் போடு அக்கான்னு. அதுக்கப்புறம் அந்த மெஷின்ல நான் பாதி லோடுதான் போடுறேன். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கூட நின்னேன்டா, ஆறு வருஷம். தம்பி வாங்கிக் குடுத்ததை நம்ம கை கெடுத்துடக் கூடாதுன்னு."

சொன்னேன்தான். மறந்தே போயிருந்தது. மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, ஏன்டா அடிக்கடி கெடுகிறது என்று கேட்டபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். அக்காவின் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிவது எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஆனால் ஒரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அதில் ரெண்டு மணி நேரம் என் கணக்கு.

"மன்னிச்சுக்கோ அக்கா" என்றேன்.

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கடிதத்தை ஜன்னல் திண்டில் விரித்தாள்.

"அந்த வரியை அடி. நீயே அடி. அடிச்ச இடத்துல கையெழுத்துப் போடு. கீழே சரியானதை எழுது."

அடித்தேன். சுமார் பதினாலு வருஷம் என்று எழுதினேன்.

"எப்படித் தெரியும்னு ஒரு கட்டம் இருக்கு."

மோட்டார் லேபிள், போட்டோ ஏழு என்று எழுதினேன்.

"அது பாதிதான்" என்றாள்.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "கொஞ்சம் நகருங்க" என்று என் தோளில் இடித்துக்கொண்டு போனார். நான் எழுதினேன்: 'இந்த மெஷினை விற்றவன் நான். புது மெஷின் என்று சொல்லி விற்றேன். முகப்பும் சீரியல் ஸ்டிக்கரும் வேறு மெஷினிலிருந்து எடுத்து மாட்டியவை. கடைக்காரருக்கு இது தெரியாது.' கீழே கையெழுத்துப் போட்டேன். அக்கா வாங்கி ஒரு முறை படித்தாள். பில்லில் துணி எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதுபோல, விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே வைத்துப் படித்தாள்.

மறுபடியும் கவுன்ட்டரில் நின்றோம். அந்த அம்மாள் அடித்து எழுதியதைப் படித்துவிட்டு, அக்காவிடம் கேட்டாள். "இந்த வித்தவர் யாரும்மா? அட்ரஸ் வேணுமே."

"என் தம்பி. இவன்தான்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தாள். எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பார்வைக்கு எதுவும் ஈடாகாது. தடால் என்று முத்திரை விழுந்தது. நகலை எங்களிடம் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் சர்வேயர் வந்தார். டார்ச் லைட்டும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருந்தார். சுவரின் மண்கோட்டை டேப் வைத்து அளந்தார், மெஷின்களின் உள்ளே அதே உயரத்தில் சேறு இருக்கிறதா என்று பார்த்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றியது நான்தான். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் அக்கா வரச் சொன்னாள். தம்பி மெஷினின் மோட்டாரில் டார்ச் அடித்து, கையிலிருந்த கடிதத்தோடு ஒப்பிட்டார்.

"வயசு கரெக்டா எழுதியிருக்கீங்க. இந்த ஸ்டிக்கரை மட்டும் நம்பியிருந்தா எல்லாமே சிக்கலாயிருக்கும்" என்றார். "மத்ததுக்கெல்லாம் வந்துரும்மா. இதுக்கு மட்டும் பேருக்குத்தான் ஏதாவது போடுவாங்க. இவ்வளவு பழசுக்கு என்ன மதிப்பு இருக்கு?"

"தெரியும் சார்" என்றாள் அக்கா.

மாமா அப்போது பக்கத்தில்தான் நின்றார். சர்வேயர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "பழசா? அது நம்ம..." என்று ஆரம்பித்தார். அக்கா குறுக்கே, "சாருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டுவாங்க" என்றாள். அதற்குப் பிறகும் அவரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் மாமா வழக்கம்போல என் முதுகில் தட்டி, "வாடா கைராசிக்காரா" என்கிறார். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அக்காவிடம் அதையும் சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லணும்னா சொல்லு. அது உன் வேலை" என்றாள். இன்னும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

ஏழாவது வாரம் பணம் வந்தது. தம்பி மெஷினுக்கு என்று கொடுத்தது ஒரு நல்ல இஸ்திரிப் பெட்டிக்குக்கூடக் காணாது. துண்டு விழுகிற தொகையை மட்டுமல்ல, முழு மெஷினுக்கும் நானே கொடுக்கிறேன் என்று பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கிக்கொண்டாள். மறுக்கவே இல்லை. சீட்டு எழுதி, 'தம்பி, வளையல்' என்று போட்டு, டப்பாவில் வைத்தாள். கடனைத் தீர்த்துவிட்டோம் என்கிற நிம்மதி எனக்கு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது, கடை வாசலில் ஷோரூம் வேன் நின்றது. இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எதுவும் கேட்கவில்லை. பைக்கை நிறுத்தினேன், போகலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாடா. நல்ல நேரத்துல வந்தே."

உள்ளே போனேன். ஷோரூம் ஆட்கள் மெஷினை நிறுத்தி, மட்டம் பார்த்து, வாரன்டி அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் அது பளபளவென்று நின்றது. அக்கா அதன் மேல் துணி எதுவும் போர்த்தவில்லை. முதல் தடவையாக முழு லோடு போட்டாள். ஆஸ்பத்திரி விரிப்புகளை அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினாள், டிரம் நிறைய. கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

"நம்பரைப் பாரு. வயசு என்ன?"

கேலியாகக் கேட்டாளா, பழைய பழக்கத்தில் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. மண்டியிட்டு, கதவு விளிம்பில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது, இருந்தும் இரண்டு தடவை படித்தேன்.

"மூணு மாசம்" என்றேன். "புது மெஷின் அக்கா."

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்னேன். அன்றைக்கு அவள் சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். இப்போது அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேஜை டிராயரைத் திறந்து, ஷோரூம் பில்லையும் வாரன்டி அட்டையையும் எடுத்தாள். அட்டையில் தயாரித்த மாதம் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். பிறகு குனிந்து ஸ்டிக்கரில் இருந்த நம்பரையும் பில்லில் இருந்த நம்பரையும் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள்.

"சரிதான்" என்றாள்.

பில்லை மறுபடியும் டிராயரில் வைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டாள்.